கவனத் தேர்வில் இயல்பு, மொழித் தேர்வில் குறைவு, பள்ளியில் புகார்: இந்த அறிக்கையை எப்படிப் படிப்பது?

தாமிரபரணிக்கரை · 2024 ஆகஸ்ட் 3, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஆங்கில வழிப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். வீட்டில் நாங்கள் தமிழ் மட்டுமே பேசுகிறோம். சென்ற ஆண்டு முதலே அவனுடைய வகுப்பு ஆசிரியை, "சொல்வதைக் கேட்பதில்லை, பாதியிலேயே விட்டுவிடுகிறான், ஏடிஎச்டி இருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லி வந்தார். ஆகவே ஜூலை 12 அன்று ஒரு தனியார் மையத்தில் நரம்பியல் உளவியல் மதிப்பீடு செய்துகொண்டோம். அறிக்கை பதினொரு பக்கம் வந்திருக்கிறது. நான் மூன்று முறை படித்தும், அது ஒன்றுக்கொன்று முரணாகவே எனக்குத் தெரிகிறது.

விஸ்க் என்ற நுண்ணறிவுத் தேர்வின் நான்காம் பதிப்பின் இந்திய வடிவத்தில் மொழிவழிப் புரிதல் 82, காட்சிவழிப் பகுத்தறிதல் 106, செயல்படு நினைவு 86, செயலாக்க வேகம் 97, மொத்த நுண்ணறிவு ஈவு 90. எண்வரிசைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் நேர்வரிசையில் நான்கு எண்கள், தலைகீழாக மூன்று எண்கள். கட்டைகளைத் தொட்டுக் காட்டும் வரிசையைப் பார்த்துத் திரும்பத் தொடுவதில் ஐந்து. கணினியில் பதினான்கு நிமிடம் நடக்கும் கவனத் தேர்வில் எல்லாம் இயல்பு என்று எழுதியிருக்கிறார்கள். வண்ணச் சில்லுகளை வைத்துச் சொன்னபடி செய்யச் சொல்லும் டோக்கன் தேர்வில் "10ஆம் சதமானத்துக்குக் கீழ்" என்று இருக்கிறது. ஆசிரியை நிரப்பிய வாண்டர்பில்ட் படிவத்தில் கவனக்குறைவுக்கான ஒன்பது கூற்றுகளில் ஏழு "அடிக்கடி" என்று குறிக்கப்பட்டுள்ளன. நாங்கள் நிரப்பியதில் மூன்றுதான்.

சொல்வளப் பகுதியில் ஒரு சொல்லுக்கு அவன் தமிழில் அழகாக விளக்கம் சொன்னதாகவும், ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சோதித்தவரே என்னிடம் கூறினார். அந்தச் சொல் [தேர்வுக் கேள்வி நீக்கப்பட்டது – நெறியாளர்].

கணினி இயல்பு என்கிறது, ஆசிரியை இல்லை என்கிறார். இருவரில் யார் சொல்வதை நான் எடுத்துக்கொள்வது?

கரும்பலகை · ஆகஸ்ட் 3, இரவு 10:25

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பதினான்கு நிமிடம் ஒரு பிள்ளை கணினித் திரையின் முன் அசையாமல் உட்கார்ந்து சரியாகச் செய்திருக்கிறான் என்றால் அவனுக்குக் கவனக் கோளாறு இல்லை என்பது தெளிவு. அதைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டாம். பிரச்சினை ஆங்கில வழிதான். வீட்டில் கேட்காத மொழியில் அறிவியலும் சமூகவியலும் நடத்தினால் எந்தப் பிள்ளைக்கும் கண் ஜன்னல் பக்கம்தான் போகும். தமிழ் வழிக்கு மாற்றிப் பாருங்கள், ஆறு மாதத்தில் வேறு பிள்ளையாக மாறிவிடுவான்.

மேலூர்க்காரன் · ஆகஸ்ட் 4, காலை 7:10

எனக்கும் இதே போன்ற ஓர் அறிக்கை வந்தது. உங்கள் மகன் டோக்கன் தேர்வில் பத்து மதிப்பெண்கூட எடுக்கவில்லை என்று இருக்கிறதே, நூற்றுக்குப் பத்து என்றால் சொல்வது எதுவுமே அவனுக்குப் புரியவில்லை என்றுதானே பொருள்? என் மகளுக்கு 35 என்று போட்டிருந்தார்கள். தேர்ச்சி மதிப்பெண்ணாவது வந்ததே என்று நாங்கள் ஆறுதல் அடைந்தோம். சிறப்புப் பள்ளியை விசாரிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

அளவுகோல் · ஆகஸ்ட் 4, காலை 11:52

நான் குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். பிள்ளையை நேரில் பார்க்காமல் நோய்க்குறிப்பு எதுவும் சொல்ல மாட்டேன். அறிக்கையைப் படிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மேலூர்க்காரன் அவர்களுக்கு. சதமானம் என்பது மதிப்பெண் விழுக்காடு அன்று. அதே வயதுடைய நூறு குழந்தைகளைத் திறன் வரிசையில் நிறுத்தினால் நம் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்பான் என்பதையே அது காட்டுகிறது. டோக்கன் தேர்வில் எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவார்கள். கூட்டமெல்லாம் உச்சியில் நெருக்கி நிற்கும்போது இரண்டு மூன்று பிழைகளே ஒரு பிள்ளையை வரிசையின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவிடும். ஆகவே "10க்குக் கீழ்" என்பதற்கு எதுவுமே புரியவில்லை என்று பொருளில்லை. உங்கள் மகளின் 35ஆம் சதமானமும் தேர்ச்சி மதிப்பெண் அன்று. அது சராசரி வட்டத்துக்குள் வரும் சாதாரண நிலை. சிறப்புப் பள்ளி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

சகோதரிக்கு. மொத்த ஈவு 90 என்பதைத் தற்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மொழிவழிப் புரிதலுக்கும் காட்சிவழிப் பகுத்தறிதலுக்கும் இடையே 24 புள்ளி வேறுபாடு இருக்கிறது. இந்த அளவுகோலில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்பதால் அது ஒன்றரை விலக்கத்துக்கும் அதிகம். ஒரு வயலில் முழங்கால் அளவு தண்ணீரும் பக்கத்து வயலில் வெடிப்பும் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு ஈரம் போதும் என்று சொல்வதைப் போன்றதுதான் அந்த 90. மேலும் 82 என்பதும் ஒரு புள்ளியன்று. அளவீட்டுப் பிழையைச் சேர்த்தால் ஏறக்குறைய 76 முதல் 90 வரை எங்கேயும் உண்மை மதிப்பு இருக்கலாம்.

கரும்பலகை ஐயா சொன்னதில் ஆங்கிலத்தைப் பற்றிய பாதி கவனிக்கத்தக்கது. கணினித் தேர்வைப் பற்றிய பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தேர்வில் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். X தவிர எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். மொத்தம் 360 எழுத்துகள் வரும். அமைதியான அறை, பக்கத்தில் ஒரு பெரியவர், புதிதான விளையாட்டு, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடம் இப்படி நடப்பதில்லை. ஏடிஎச்டி உறுதியான குழந்தைகளில் கணிசமானோர் இதை இயல்பாகவே முடித்துவிடுகிறார்கள். அந்தத் தேர்வு மோசமாக வந்தால் அது ஒரு தடயம், நன்றாக வந்தால் விடுதலைப் பத்திரம் ஆகிவிடாது. அதன் வயது நெறிகள், அதாவது ஒப்பிடுவதற்கான வயதுவாரி அளவுகள், அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் உங்கள் எண்களில் எனக்கு உறுத்துவது வேறொன்று. காதால் கேட்கும் வரிசை நான்கு, கண்ணால் பார்க்கும் வரிசை ஐந்து. அதிலும் தலைகீழாகச் சொல்வது மூன்று, அதாவது நேர்வரிசையிலிருந்து ஒன்றுதான் குறைகிறது. மனத்தில் வைத்துப் புரட்டுவதுதான் சிக்கல் என்றால் தலைகீழ் வரிசை இன்னும் சரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பேன். இங்கே ஒலியாக வருவதைப் பிடித்துவைப்பதே குறுகியதாக இருப்பது போலத் தோன்றுகிறது. ஒரேயொரு எண்ணின் வேறுபாடு என்பதால் இதை முடிவு என்று சொல்லாமல் சந்தேகம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். மகனின் பிறந்த தேதி என்ன? டோக்கன் தேர்வு எந்த வயது அட்டவணையோடு ஒப்பிடப்பட்டது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா?

தாமிரபரணிக்கரை · ஆகஸ்ட் 4, பிற்பகல் 3:15

பிறந்த தேதி 2016 மே 27. முதல் பக்கத்தில் அது சரியாகவே இருக்கிறது. நீங்கள் கேட்டபிறகு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், டோக்கன் தேர்வும் வண்ணங்களை அடித்துக் காட்டும் தேர்வும் வரும் அட்டவணையின் மேலே "வயது: 9" என்று இருக்கிறது. அன்று வரவேற்பில் படிவம் நிரப்பிய பெண் வயதைக் கேட்டபோது, என் மாமியார் "ஒன்பது நடக்குது" என்று சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அளவுகோல் · ஆகஸ்ட் 4, மாலை 6:30

அந்த "நடக்குது" எங்கள் தொழிலில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கண்ணில் படுகிறது. எட்டு முடிந்த மறுநாளே நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒன்பது நடக்கத் தொடங்கிவிடுகிறது. நெறி அட்டவணைக்கு அது தெரியாது.

தேர்வு நாளிலிருந்து பிறந்த நாளைக் கழிக்க வேண்டும். 12இலிருந்து 27 போகாது என்பதால் ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்கினால் 42, அதில் 27 போக 15 நாள். ஜூலையில் ஒரு மாதம் போனதால் மீதம் 6, அதில் 5 போக 1 மாதம். ஆண்டு 8. ஆக 8 வயது, 1 மாதம், 15 நாள். விஸ்க் தேர்வின் அட்டவணைகள் நான்கு மாதத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டவை. அங்கே பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் அந்த எண்கள் சரியாகவே இருக்கும். ஆனால் நிம்ஹான்ஸ் குழந்தைகள் தொகுப்பைச் சேர்ந்த தேர்வுகளை ஒன்பது வயது வரிசையில் வைத்துப் படித்திருக்கிறார்கள் என்றால், தன்னைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர்களோடு அவனை ஓடவிட்டிருக்கிறார்கள். இந்த வயதில் ஓராண்டு என்பது பெரிய தூரம்.

மையத்துக்கு எழுதி, எட்டு வயது அட்டவணையில் மறுபடி பார்த்துத் தரச் சொல்லுங்கள். கோபமில்லாமல் கேட்டாலே போதும், பத்து நிமிட வேலை. பிள்ளையைத் திரும்ப உட்கார வைக்கத் தேவையில்லை. கச்சா மதிப்பெண் அவர்களிடம் இருக்கும்.

ரொறன்ரோ_அப்பா · ஆகஸ்ட் 5, காலை 6:05

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில் இருக்கிறோம். என் மகளுடைய கதையைச் சொன்னால் உதவியாக இருக்கலாம். அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில், வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை, ஆங்கிலம் வர நாள் எடுக்கும் என்று சொல்லி மூன்று வருடம் காத்திருக்க வைத்தார்கள். இங்கே ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியரின் கருத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தகத்து ஆங்கிலம் வர ஐந்து முதல் ஏழு வருடம் செல்லும் என்பது அது. அதில் பிழையில்லை. ஆனால் என் பிள்ளைக்கு இருந்தது வேறு. கணினித் தேர்வில் அவளும் இயல்பாகத்தான் செய்தாள். பிறகு வந்த உளவியலாளர் எங்களையும் ஆசிரியரையும் தனித்தனியே நீண்ட நேரம் விசாரித்து, வகுப்பிலும் வந்து பார்த்து, துள்ளலே இல்லாத கவனக்குறைவு வகை என்று சொன்னார். சத்தம் போடாத பெண்பிள்ளைகளிடம் இது தவறிப்போகும் என்றார். மருந்து தொடங்கி நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

ஆகவே மொழி என்று சொல்லி ஏடிஎச்டியை மறந்துவிடாதீர்கள். உங்கள் மகனுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

சொல்லும்பொருளும் · ஆகஸ்ட் 5, பிற்பகல் 1:20

நான் பேச்சு மொழி சிகிச்சையாளர். ரொறன்ரோ அப்பாவின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் உங்கள் மகளிடம் விசாரித்து அறிந்த பிறகே அப்படிச் சொன்னார்கள். இந்தப் பிள்ளையிடம் இன்னும் விசாரிக்கவில்லை.

வாண்டர்பில்ட் படிவத்தின் அந்த ஒன்பது கூற்றுகளைக் கையில் எடுத்து ஒருமுறை இப்படிப் படித்துப் பாருங்கள். நேராகப் பேசும்போது கேட்பதாகத் தெரியவில்லை, சொன்ன வேலையை முடிப்பதில்லை, மனத்தை ஊன்றிச் செய்யும் வேலைகளைத் தவிர்க்கிறான். இவற்றை ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கும் குறிக்கலாம், வாக்கியத்தின் பின்பாதி புரியாத பிள்ளைக்கும் குறிக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொருள்களைத் தொலைக்கிறான், அன்றாட வேலைகளை மறக்கிறான், வெளிச்சத்தமோ சலனமோ வந்தால் திசைமாறுகிறான் என்பவற்றுக்கு மொழியோடு அவ்வளவு தொடர்பில்லை. அந்த ஏழில் எவையெவை குறிக்கப்பட்டன என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். ஆறும் அதற்கு மேலும் என்பது ஒரு வாசலளவு மட்டுமே. அதுவும் வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களில் தெரிய வேண்டும்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது: செவித்திறன் பரிசோதனை. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? நடுக்காதில் நீர் தேங்கினால் வரும் இலேசான கேள்விக் குறைவு வந்து வந்து போகும். அமைதியான அறையில் தெரியாது, மின்விசிறி ஓடும் வகுப்பில் தெரியும்.

மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. அவனுடைய தமிழ் எப்படி இருக்கிறது? சிக்கல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது போதிய பழக்கமின்மை, கரும்பலகை ஐயா சொல்வது சரி. தாய்மொழியிலும் இருந்தால் அது மொழி வளர்ச்சிக் குறைபாடு, பள்ளியை மாற்றினாலும் கூடவே வரும். முதல் சொல் எப்போது சொன்னான், இரண்டு சொற்களைச் சேர்த்து "அம்மா வா", "பால் வேணும்" என்று எப்போது பேசினான் என்று சொல்ல முடியுமா?

தாமிரபரணிக்கரை · ஆகஸ்ட் 5, இரவு 9:05

செவிப் பரிசோதனை செய்யவில்லை. குறிக்கப்பட்ட ஏழில் நீங்கள் முதலில் சொன்ன மூன்றும் இருக்கின்றன. பொருள்களைத் தொலைப்பதும் மறப்பதும் குறிக்கப்படவில்லை. வெளிச்சத்தத்தால் திசைமாறுவது குறிக்கப்பட்டிருக்கிறது. முதல் சொல் ஒன்றே முக்கால் வயதில். சேர்த்துப் பேசியது மூன்று வயதை ஒட்டித்தான். ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னதால் விட்டுவிட்டோம்.

கரும்பலகை · ஆகஸ்ட் 6, காலை 8:40

எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். 2016இல் பிறந்த பிள்ளை என்றால் யூகேஜி முழுவதும் கைப்பேசியில்தான் நடந்திருக்கும். ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. ஜனவரியில் மறுபடி மூடினார்கள். எழுத்துகளைக் கரும்பலகையில் பார்த்து, கூடச் சேர்ந்து சத்தமாகச் சொல்லி, பக்கத்துப் பிள்ளையிடம் சண்டை போட்டுக் கற்க வேண்டிய ஒன்றரை ஆண்டு அவனுக்குக் கிடைக்கவேயில்லை. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். கொஞ்சம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? கணினித் தேர்வைப் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், இதைத் திருத்திக்கொள்ள மாட்டேன்.

அளவுகோல் · ஆகஸ்ட் 6, மதியம் 12:35

ஐயா, இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், கடைசி வரியைத் தவிர. விஸ்க் இந்திய வடிவத்தின் நெறிகளும் நிம்ஹான்ஸ் நெறிகளும் பெருந்தொற்றுக்கு முந்தைய குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. அந்த வரிசையில் நின்ற எட்டு வயதுக் குழந்தை மூன்று ஆண்டுகளாவது வகுப்பில் உட்கார்ந்திருக்கும். எழுத்து, வாசிப்பு, பாடச்சொற்கள் ஆகியவற்றில் குறைவு தெரிந்தால் நெறியைவிடப் பக்கத்து இருக்கையோடு ஒப்பிடுவதே இப்போதைக்கு நேர்மையான வழி.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஜூலை 31 என்பது சேர்க்கைக்கான எல்லைத் தேதி என்றால், மே 27 அன்று பிறந்த பிள்ளை வகுப்பிலேயே ஏறக்குறைய இளையவன். 2015 ஆகஸ்டில் பிறந்தவன் அவனைவிட ஒன்பது மாதம் மூத்தவன். 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு வந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. செப்டம்பர் 1 எல்லைத் தேதியாக உள்ள மாநிலங்களில், வகுப்பின் இளையவர்களான ஆகஸ்ட் குழந்தைகளில் 10,000 பேருக்கு 85 பேருக்கும், மூத்தவர்களான செப்டம்பர் குழந்தைகளில் 64 பேருக்கும் ஏடிஎச்டி என்று குறிக்கப்பட்டிருந்தது. மூளை ஒரே மாதத்தில் மாறிவிடாது. ஆசிரியர் வகுப்பைப் பார்க்கிறார், பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. ஆசிரியையின் ஏழு கூற்றுகளை வாசிக்கும்போது இதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் மூன்று வயதில்தான் சொற்களைச் சேர்த்தான் என்பதைப் பெருந்தொற்றின் கணக்கில் எழுத முடியாது. அது 2019. இரண்டு வயதை ஒட்டி வர வேண்டியது ஓராண்டு தள்ளி வந்திருக்கிறது. ஆகவே காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

(ஒரு சிறு புறக்குறிப்பு: இன்னும் சில மையங்களில் மாலின் என்பவர் 1960களில் இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவிய நுண்ணறிவுத் தேர்வையே பயன்படுத்துகிறார்கள். அரைநூற்றாண்டுப் பழைய வரிசையில் நிறுத்தினால் இன்றைய பிள்ளை உயரமாகத்தான் தெரிவான். அறிக்கை வாங்கும்போது தேர்வின் பெயரையும் பதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

சொல்லும்பொருளும் · ஆகஸ்ட் 6, மாலை 5:50

சகோதரி, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு என்று பெரிய மாதிரியில் நெறிப்படுத்திய தமிழ் மொழித் தேர்வு எதையும் நான் கையில் வைத்து வேலை செய்யவில்லை. ஆகவே நாங்கள் சுற்றுவழியில் போகிறோம். தமிழ் ஒலியமைப்பில் உள்ள, ஆனால் பொருளே இல்லாத சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வோம். "மிடுவாபி", "தெகலூமுனி" போன்றவை. எந்த மொழியைப் படித்தான், எவ்வளவு படித்தான் என்பதை இது அதிகம் சார்ந்திருப்பதில்லை. பிறகு வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வது, பிறகு படத்தைப் பார்த்துக் கதை சொல்வது. கூடவே அதே வகுப்பில் படிக்கும், அதே தெருவில் வளரும் மூன்று நான்கு பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்வேன். அவர்கள்தான் அங்கே எனக்கு நெறி அட்டவணை. உங்கள் ஊரில் தமிழில் இப்படிச் செய்பவர் இருந்தால் பாருங்கள். செவிப் பரிசோதனை அதற்கு முன்.

தாமிரபரணிக்கரை · ஆகஸ்ட் 29, இரவு 10:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்தவற்றைச் சொல்கிறேன்.

மையத்தினர் திருத்திய பக்கத்தை அனுப்பினார்கள். எட்டு வயது அட்டவணையில் வண்ணங்களை அடிக்கும் தேர்வு சராசரிக்கு ஏறிவிட்டது. டோக்கன் தேர்வு 15க்கும் 20க்கும் இடையே வந்திருக்கிறது. செவித்திறன் இரு காதிலும் இயல்பு, நடுக்காதிலும் நீர் இல்லை.

மொழி சிகிச்சையாளர் இரண்டு நாள்களாகப் பிரித்துப் பார்த்தார். அவன் வகுப்புப் பிள்ளைகள் மூவரை அழைத்துப் போயிருந்தேன். அவர்களில் இருவருக்கு அவனைவிட ஆங்கிலம் மோசம். பொருளில்லாச் சொற்கள் பதினாறில் அவர்கள் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை சரியாகச் சொன்னார்கள். என் மகன் ஆறு. இரண்டு அசைச் சொற்களை எல்லாம் சொன்னான். நான்கு அசை வந்ததும் நடுவே ஓர் அசை விழுந்துவிடுகிறது.

வாக்கியம் சொல்லும்போது நான் கதவருகே உட்கார்ந்திருந்தேன். "மாமா வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போனாள்" என்று அவர் சொன்னார். அவன் கொஞ்சமும் தயங்காமல், "அக்கா சட்டை போட்டு கடைக்குப் போனாள்" என்றான். மாமா காணாமல் போய்விட்டார். முழுதும் சொல்லிவிட்டதாகவே அவன் நினைத்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை ஆண்டுகளாக வீட்டில், "அப்பா வந்ததும் அந்த மஞ்சள் பையில் இருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடு" என்று சொன்னால் பையை மட்டும் கொண்டுவருவான். நான் அதை விளையாட்டுத்தனம் என்று திட்டியிருக்கிறேன்.

மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம் என்று எழுதி, வாரம் இரு முறை வரச் சொல்லியிருக்கிறார்.

கரும்பலகை · ஆகஸ்ட் 30, காலை 7:30

அம்மா, தமிழிலேயே இப்படி என்றால் தமிழ் வழிக்கு மாற்றினால் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இரண்டு மொழியின் சுமையில் ஒன்றைக் குறைப்பது நல்லது என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்த "மாமா" வாக்கியத்தைப் படித்தபோது பழைய மாணவர்கள் சிலரின் முகம் நினைவுக்கு வந்தது.

சொல்லும்பொருளும் · ஆகஸ்ட் 30, பிற்பகல் 2:10

ஐயா, இரு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வருவதில்லை, ஒரு மொழியை நிறுத்துவதால் போவதுமில்லை. பள்ளியை மாற்றுவது அவன் நண்பர்கள், வீட்டுத் தொலைவு, கட்டணம் எல்லாம் சேர்ந்த முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆசிரியையிடம் இப்போதே கேட்கக்கூடியது ஒன்று உண்டு. நீளமான கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் அவன் ஆம் என்றுதான் சொல்வான்.

ரொறன்ரோ_அப்பா · ஆகஸ்ட் 31, காலை 5:45

மொழி என்று தெரிந்தது நல்லது. ஆனால் கவனக்குறைவு இல்லை என்று இதனால் ஆகிவிட்டதா?

அளவுகோல் · ஆகஸ்ட் 31, காலை 10:20

ஆகவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அரிதன்று. இதைப் பிரித்துப் பார்க்க இன்னொரு தேர்வு எழுத வைப்பதைவிட வகுப்பில் பார்ப்பது மேல். பள்ளி ஆலோசகரோ உதவி ஆசிரியரோ பின்வரிசையில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு இருபது விநாடிக்கு ஒருமுறை அவனைப் பார்த்து, பாடத்தில் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். முப்பது குறிகள் வரும். ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சாதாரணப் பையனையும் அதேபோல் குறிக்க வேண்டும். கணக்கு, தமிழ், அறிவியல் மூன்றிலும் செய்தால் போதும். மொழிச்சுமை ஏறும்போது மட்டும் இறங்குகிறானா, எங்கும் ஒரே மாதிரி இறங்குகிறானா என்பது தெரியும்.

தாமிரபரணிக்கரை · செப்டம்பர் 13, இரவு 8:55

பள்ளி ஆலோசகர் செய்து கொடுத்தார். கணக்கில் என் மகன் முப்பதுக்கு 24, பக்கத்துப் பையன் 26. தமிழில் 18, மற்றவன் 25. அறிவியல் விளக்கத்தில் 13, மற்றவன் 24. கணக்கில் ஏறக்குறைய சமமாக இருக்கிறான் என்பதால் ஏடிஎச்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆசிரியைகூட இந்தத் தாளைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அளவுகோல் · செப்டம்பர் 14, காலை 9:15

மொழி ஏற ஏற இறங்குகிறது என்ற ஊகத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. தமிழிலும் இறங்குவது, ஆங்கிலம் மட்டுமே காரணமில்லை என்பதையும் காட்டுகிறது. ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். இந்த மூன்று பாடவேளைகளும் எந்த நேரத்தில் வந்தன?

தாமிரபரணிக்கரை · செப்டம்பர் 14, காலை 11:40

கணக்கு காலை முதல் பாடவேளை. தமிழ் இடைவேளைக்குப் பின். அறிவியல் மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அளவுகோல் · செப்டம்பர் 14, மதியம் 12:05

அப்படியானால் களைப்பும் மொழியும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கின்றன. பக்கத்துப் பையன் 26இலிருந்து 24க்குத்தான் இறங்கினான் என்பதால் களைப்பு மட்டும் போதாது என்று சொல்லலாம். ஆனால் கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு மதியம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வலிக்கும். கணக்கு மதியமும் அறிவியல் காலையும் வரும் நாள் உங்கள் கால அட்டவணையில் இருக்கிறதா?

தாமிரபரணிக்கரை · செப்டம்பர் 14, பிற்பகல் 1:30

வியாழக்கிழமை அப்படித்தான் வருகிறது. ஆலோசகரிடம் கேட்டுவிட்டேன், வரும் வியாழன் பின்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.